ஒரே அறையில் நான்கு நித்திரை

இரவு ஒன்றரை மணியிருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து குசினிக்குப் போனேன். பின்கதவு திறந்திருந்தது. படிக்கட்டில் என் ராத்தா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அழவில்லை. கண்களை அகல விழித்துக்கொண்டு, ராத்தாவின் முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்தவர் ராத்தாதான்.

"ஏன் ராத்தா, புள்ளக்கிச் சுகமில்லையா?" என்று கேட்டேன்.

"சுகத்துக்கு என்ன? நல்லாத்தான் இரிக்கா. எனக்குத்தான் ஏலாம இரிக்கி. உள்ள இருந்தா உம்மாவும் வாப்பாவும் எழும்பிடுவாங்க" என்றார்.

அந்தப் பதில் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. காரணத்தைச் சொல்வதானால் எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். உம்மாவும் வாப்பாவும் அடுத்த மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி, அங்கே போய்விடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் திட்டம். ஆனால் எனக்கென்று கட்டத் தொடங்கிய வீடு சீமெந்து விலை ஏறிய காலத்தில் நின்றது, இன்னும் லிண்டல் மட்டத்தில்தான் நிற்கிறது. ஆகவே இரண்டு அறையும் ஒரு மண்டபமும் உள்ள ஒரே வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். மண்டபத்தில் தம்பி. சின்ன அறை முன்பு ராத்தாவுக்கும் மச்சானுக்கும் உரியது. மச்சான் கட்டாருக்குப் போன பிறகு, பிள்ளை பிறந்து நாற்பது நாளும் உதவிக்கு ஆள் வேண்டும் என்று உம்மா ராத்தாவைத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டார். நாற்பது முடிந்தும் ராத்தா திரும்பி வரவில்லை. அதற்குள் அந்தச் சின்ன அறையில் என் மேசையும், புத்தகங்களும், நள்ளிரவு வரை எரியும் விளக்கும் குடியேறிவிட்டன. உயர்தரப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கு ஓர் அறை வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

இப்படித்தான் பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி அறையொன்றில் நான்கு பேர் படுக்க வேண்டியதாயிற்று. கட்டிலில் உம்மாவும் வாப்பாவும். கீழே மெத்தையில் ராத்தா. வளையிலிருந்து கயிற்றில் தொங்கிய ஏணையில் ஏழு மாதக் குழந்தை.

அடுத்த வாரம் எங்கள் பகுதியின் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். குழந்தையின் நிறையைப் பதிவேட்டில் குறித்து, குறைவொன்றும் இல்லை என்றார். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்து, "நீங்க எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?" என்று கேட்டார். ராத்தாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "புள்ள எத்தனை மணிக்கு?" என்றார். உம்மா பத்து என்றார். ராத்தா பன்னிரண்டு என்றார். மிஸ் சிரித்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு எழுதி வைங்க. என்ன செய்யலாம் என்று அதற்குப் பிறகு பார்ப்பம்" என்றார். போகும்போது ஏணையைக் காட்டி ஓர் எச்சரிக்கையும் தந்தார். குழந்தை புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கிவிட்டால் ஏணையிலிருந்து தலைகுப்புற விழலாம், இனி அது வேண்டாம் என்றார்.

எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பழைய சீஆர் கொப்பி ஒன்றில் பென்சிலைக் கயிற்றில் கட்டி, ராத்தாவின் தலைமாட்டில் வைத்தேன். எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு விழித்தாள், விழிப்பதற்குச் சற்று முன் அறையில் என்ன நடந்தது. இந்த மூன்றும்தான் நிரல்கள். மூன்றாவது நிரல் என் யோசனை. ஆய்வுகூடத்தில் அவதானிப்பு எழுதும் பழக்கம் அங்கே கைகொடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவை அப்படியே தருகிறேன். பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு ஏணையில் தூங்கியவள் ஏழு மணிக்கு விழித்தாள். ஒன்பது நாற்பதுக்கு வாப்பா சந்தையிலுள்ள புடவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கண் செருகிக்கொண்டிருந்தவளைத் தூக்கிக் கொஞ்சினார். அவளும் உற்சாகமாகிச் சத்தமிட்டுச் சிரித்தாள். பத்தே பத்துக்கு மச்சானின் வீடியோ அழைப்பு. கட்டார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்து, குளித்து, மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கிடைக்கும் நேரம் அது. பத்து ஐம்பத்தைந்துக்கு ஏணையில் ஆட்டியபடி தூங்கினாள். பதினொன்று இருபதுக்கு மெத்தைக்கு மாற்றினார்கள். பதினொன்று ஐம்பதுக்கு விழித்தாள், மறுபடி ஏணை. ஒன்று இருபத்தைந்துக்கு உம்மா பாத்ரூம் போக டியூப் லைட்டைப் போட்டார், விழித்தாள். இரண்டேகாலுக்குத் தூங்கினாள். மூன்று இருபதுக்கு ஏதோ முனகினாள். உம்மா எழுந்து தூக்கினார், முழுசாக விழித்துவிட்டாள். நான்கு மணிக்குக் கண் மூடினாள். நான்கு இருபதுக்கு வாப்பாவின் அலாரம் அடித்தது, மறுபடி லைட். ஐந்தேகாலுக்குத் தூங்கியவள் காலை எட்டு நாற்பது வரை எழும்பவில்லை.

ஏழு இரவும் முடிந்த பின் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் இருபத்தாறு விழிப்புகள். அவற்றில் பசியால் விழித்தது ஐந்தே ஐந்து. வெளிச்சமோ சத்தமோ காரணமானவை ஒன்பது. ஏணையிலிருந்து மெத்தைக்கு மாற்றிய பின் வந்தவை ஏழு. முனகலுக்கே தூக்கியதால் விழித்தவை ஐந்து.

கொப்பியை மிஸ்ஸிடம் காட்டினோம். ஏணை விஷயத்தை அவர் விளக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. குழந்தையின் நித்திரை ஒரே நீட்டாக ஓடுவதில்லை. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மேலெழுந்து, மறுபடி ஆழத்துக்குப் போகிறது. மேலெழும் நேரத்தில் கை காலை அசைக்கும், முனகும், சில வேளை கண்ணையும் பாதி திறக்கும். தூங்கும்போது இருந்த நிலை அப்படியே இருந்தால் தானாகவே மறுபடி தூங்கிவிடும். ஆட்டத்தில் தூங்கிய குழந்தைக்குக் கண் திறக்கும்போது ஆட்டம் நின்றுபோயிருந்தால், அது ஆட்டத்தைத் தேடி அழும். முனகியதும் தூக்கினாலும் அதே கதைதான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே எழுப்பிவிடுகிறோம்.

விளங்கியது சரி, இதை வீட்டில் எப்படிச் சொல்வது? கொப்பியின் மூன்றாவது நிரலில் இருந்தவை எல்லாம் ஆட்களின் பெயர்கள்: உம்மா, வாப்பா, மச்சான். ஒருவரும் குழந்தைக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. நான் அதை யோசிக்காமல், பரீட்சைப் பெறுபேறு வாசிப்பதுபோல இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துவிட்டேன்.

உம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. "நாலு புள்ள பெத்தவ நான். ஒண்ட மவுத்தாக்கினாலும் மத்த மூணையும் இந்த ஏணையிலதான் வளத்தன். இப்ப எனக்குப் புள்ள வளக்கத் தெரியாதாக்கும்" என்றார். வாப்பா ஒன்றும் சொல்லாமல் கை கழுவினார். போகும்போது மட்டும் திரும்பி, "அப்ப நான் புள்ளய எப்ப பாக்குற மகள்? காலைல போகக்குள்ள அவ நித்திரை. ராவைக்கு வந்தாலும் நித்திரை எண்டா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. உம்மா சொன்ன அந்த ஒரு பிள்ளை எங்கள் மூத்த நானா. எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனவர். இரவில் ஒரு சின்ன முனகல் கேட்டாலும் உம்மா ஏன் துள்ளி எழுகிறார் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அந்த இரவு ராத்தா என்னுடன் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் உம்மாவிடம் போய், "என்ட அறையை ராத்தாவுக்கே குடுங்க. நான் மண்டபத்தில படிக்கிறன்" என்றேன். உம்மா சம்மதிக்கவில்லை. ராத்தாவும் சம்மதிக்கவில்லை. "உம்மா பக்கத்தில இருந்தாத்தான் எனக்கு இரவில பயமில்ல" என்றார். அது உண்மைதான். அந்த அறையில் ராத்தாவுக்குக் கிடைத்தது இடைஞ்சல் மட்டுமல்ல. பால் கொடுத்துக் களைத்த பின் குழந்தையை வாங்கித் தோளில் போட ஒரு கை, காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள், எல்லாம் அங்கேதான் இருந்தது. ஆகவே அறையை மாற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. அறையில் இருப்பவர்கள் நால்வருமே இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

வாப்பாவின் கேள்விக்குக் கொப்பியே விடை தந்தது. மிஸ் சொன்ன இன்னொரு விஷயம் என் மனதில் இருந்தது. ஒரு பிள்ளையை இத்தனை மணிக்குத் தூங்கு என்று யாராலும் தூங்க வைக்க முடியாது. இத்தனை மணிக்கு எழும்பு என்று எழுப்ப முடியும். ஆகவே ஒழுங்கைக் காலையிலிருந்து தொடங்க வேண்டும். காலை விழிப்பு நிலையாகிவிட்டால், பகல் தூக்கங்களும் இரவுத் தூக்கமும் மெல்ல மெல்ல அதற்குப் பின்னால் வரிசைக்கு வரும். எங்கள் வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் எழும்புகிறவர் வாப்பா. சுபஹ் தொழுது வந்து ஆறு மணிக்குத் தேநீர் குடிப்பார், ஏழரைக்குத்தான் கடைக்குப் போவார்.

"வாப்பா, காலை ஆறிலிருந்து ஏழு வரைக்கும் புள்ள உங்கட" என்றேன். "நீங்கதான் எழுப்ப வேணும். எழுப்பி முத்தத்துக்குக் கொண்டு போங்க. வெளிச்சம் கண்ணுல படணும் எண்டு மிஸ் சொன்னவங்க. அந்த நேரம் ராத்தா படுக்கட்டும்."

வாப்பா என்னைப் பார்த்தார். "ஒரு மணித்தியாலம் முழுக்க எனக்கா?" என்றார்.

எட்டு நாற்பதுக்கு எழும்புகிறவளை ஒரேயடியாக ஆறுக்கு எழுப்பினால் பகலெல்லாம் அழுவாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை இருபது நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்தோம். எட்டு இருபது, எட்டு, ஏழு நாற்பது என்று வந்து, ஆறு மணியைத் தொடப் பதினாறு நாள் எடுத்தது. தொடக்கத்தில் எழுப்பும் வேலை ராத்தாவுடையது. கடைசி வாரத்தில் அது வாப்பாவின் கைக்கு வந்தது. ஜன்னல் திரையை விலக்கி, சத்தம் போடாமல் பெயரைச் சொல்லி அழைப்பார். பிறகு இருவரும் முற்றத்து மாமரத்தடிக்குப் போய்க் கோழிகளுக்குக் குறுநெல் போடுவார்கள்.

அடுத்தது பின்னேரத் தூக்கம். ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை தூங்கும் பிள்ளை இரவு பதினொன்றுக்கு முன் தூங்காது. அது பிடிவாதம் இல்லை, அதற்குக் களைப்பே வந்திருக்காது. காலை முன்னுக்கு வர வர, அந்தத் தூக்கமும் நாலரை மணியளவுக்கு வந்தது. நாங்கள் அதை அரை மணித்தியாலத்துடன் நிறுத்தினோம். ஐந்து மணிக்கு அவளை எழுப்புவது என் வேலை. பிரத்தியேக வகுப்பு உள்ள நாட்களில் தம்பி எழுப்புவான். ஐந்திலிருந்து மஃரிப் வரை எப்படியாவது அவளைத் தூங்காமல் வைத்திருக்க வேண்டும். கிணற்றடி, பூனை, மதில் மேல் அணில் என்று ஊர் சுற்றினேன். இந்த ஒரு மணித்தியாலத்தில் என் பௌதிகவியல் புத்தகம் மூடியே கிடந்தது. ஆனால் அது எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை.

இரவுக்கு மஃரிப் பாங்கையே மணியாக வைத்தோம். நம் நாட்டில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் முக்கால் மணித்தியாலம் அளவுக்குத்தான் முன்பின் ஆகும். மஃரிபுக்குப் பிள்ளையை வெளியில் வைக்கக் கூடாது என்று உம்மா எப்போதும் சொல்வார். ஆகவே யாரும் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியிருக்கவில்லை. பாங்கு சொன்னதும் நுளம்புக்கு ஜன்னல் சாத்துவேன். ராத்தா பூசணிக்காயும் பருப்பும் சேர்த்துக் குழைத்த சோற்றை ஊட்டுவார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, ஏழேகாலுக்குப் பால். ஏழரைக்கு அறையில் விளக்கு அணையும். பாலைக் குடித்தபடியே முழுசாகத் தூங்கிப்போகாமல், கண் செருகும் நேரத்தில் அவளுடைய சின்ன மெத்தையில் மல்லாக்காகக் கிடத்துவார். மெத்தை அமிழாத கெட்டி மெத்தை. தலையணை, பஞ்சுப் பொம்மை ஒன்றும் அதில் இல்லை. ராத்தா கையை நீட்டினால் தொடும் தூரம்.

ஏணையை அவிழ்த்த முதல் மூன்று இரவும் கடினம்தான். முதல் இரவு நாற்பது நிமிடம் அழுதாள். ஆனால் அவளைத் தனியே அழ விடவில்லை. ராத்தா பக்கத்தில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்து, தினமும் பாடும் ஒரே தாலாட்டைப் பாடினார். மூன்றாம் இரவு பதினைந்து நிமிடம். ஒரு வாரத்தில் கை வைத்தாலே போதும் என்றாயிற்று.

இடையில் ஒரு பிழையும் நடந்தது. ராத்தா ஒரு நாள் பின்னேரம் மாமி வீட்டுக்குப் போய்த் திரும்ப இருட்டிவிட்டது. வந்து பார்த்தால் வளையில் ஏணை. குழந்தை கண்ணைக் கசக்கினாள், காதை இழுத்தாள், முகத்தைத் திருப்பினாள், பிறகு திடீரென்று கெக்கலித்துச் சிரிக்கத் தொடங்கினாள், நித்திரை போய்விட்டதாக்கும் என்று நினைத்துக் கட்டினேன் என்றார் உம்மா. ராத்தாவுக்குக் கோபம். நான் நடுவில் புகுந்து கொப்பியைப் புரட்டினேன். முதல் வாரத்திலும் அதே சிரிப்பு பல இடங்களில் எழுதப்பட்டிருந்தது. கண் கசக்கல் வந்த உடனே கிடத்தாமல் தவறவிட்டால், களைப்பு மிஞ்சிப் பிள்ளை அப்படித்தான் துள்ளும். அதற்குப் பிறகு தூங்க வைப்பது இரட்டிப்பு வேலை. உம்மா கொப்பியை வாங்கி, தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அன்று முதல் கண் கசக்கலை முதலில் கண்டுபிடிப்பவர் உம்மாதான்.

ஆனால் இரவு முனகலுக்கு எழும்பும் பழக்கத்தை உம்மாவிடம் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு வழி கண்டவரும் உம்மாவேதான். தஸ்பீஹைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். முனகல் கேட்டால் படுத்தபடியே முப்பத்து மூன்று மணியை ஓதி முடிப்பார். அதற்கு முக்கால் நிமிடம்கூட ஆகாது. அதற்குள் பெரும்பாலும் குழந்தை அடங்கிவிடும். அடங்காமல் அழுகையாக மாறினால், அது உண்மையான தேவை. அப்போது ராத்தா பால் கொடுப்பார், அல்லது உம்மா தூக்குவார். முனகலும் அழுகையும் வேறு வேறு என்று கண்டுகொள்ள முக்கால் நிமிடம் போதுமாக இருந்தது.

வெளிச்சத்தில்தான் ஓர் இக்கட்டு வந்தது. பிள்ளைக்கு இருட்டு நல்லது. ஆனால் உம்மாவுக்குச் சீனி வருத்தம். இரவில் இரண்டு தடவையாவது எழும்புவார். கும்மிருட்டில் மெத்தையில் கால் தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? ஆகவே மஞ்சள் ஒளி தரும் மிகச் சின்ன விளக்கொன்றை வாங்கி, கட்டிலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்திலுள்ள பிளக்கில் பொருத்தினோம். ஒளி தரையில் மட்டும் விழும், உம்மாவின் பாதைக்குப் போதும், குழந்தையின் முகத்துக்கு வராது. டியூப் லைட் சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டினேன், பழக்கத்தில் கை போனால் நினைவு வரட்டும் என்று. வாப்பாவின் சாரனும் துவாயும் மண்டபத்துக் கொடிக்கு வந்தன. கிரீச்சிடும் அலுமாரிக் கதவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டார். அலாரத்துக்குப் பதிலாக, தலையணைக்குக் கீழே அதிரும்படி போனை வைத்துக்கொண்டார். சத்தத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றல்ல என்பதையும் அப்போது கண்டோம். ஃபேனின் இரைச்சல், வாப்பாவின் குறட்டை, சுபஹ் பாங்கு என்று தினமும் கேட்டுப் பழகியவற்றுக்கு அவள் அசையவே இல்லை. திடீரென்று விழும் ஒரு கரண்டிதான் அவளை எழுப்பியது.

மச்சானிடம் சொல்வது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் பிள்ளையைக் காட்ட முடியாது என்று எப்படிச் சொல்வது? ராத்தா நேரத்தை எண்ணிப் பார்த்தார். அங்கே பகல் பன்னிரண்டுக்கு அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை. இங்கே அப்போது இரண்டரை. மதியத் தூக்கத்திலிருந்து எழும்பிக் குழந்தை கலகலப்பாக இருக்கும் நேரம் அது. இப்போது மச்சான் ஒரு கையால் சோறு சாப்பிட்டபடி மகளுடன் பேசுகிறார். இரவு அழைப்பு ராத்தாவுக்கு மட்டும், அதுவும் மண்டபத்தில்.

ஆறாவது வாரத்தில் மறுபடி ஏழு நாள் எழுதினேன். ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் தூங்கினாள். பதினொன்றரை அளவிலும் மூன்றரை அளவிலும் பாலுக்கு எழும்பினாள், குடித்துவிட்டுத் தூங்கினாள். இந்த வயதில் பால் குடிக்கும் பிள்ளை இரவில் எழும்புவது இயல்பு, அதை நிறுத்தத் தேவையில்லை என்று மிஸ் முன்பே சொல்லியிருந்தார். ஏழு இரவில் விழிப்புகள் பதினாறு. பால் அல்லாத காரணத்தால் வந்தவை இரண்டுதான்.

எப்போதும் இப்படியே இருக்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் வந்த நாட்களில் ஒழுங்கை எல்லாம் மறந்து, உம்மாவின் தோளிலேயே தூங்கினாள். நோன்பு வந்தபோது வீடு முழுவதும் சஹருக்கு எழும்பியது. ஏனங்களை இரவே பின் குசினிக்குக் கொண்டுபோய், அறைக் கதவைச் சாத்தி வைத்தும், நாலைந்து நாள் அவளும் எங்களுடன் சஹருக்கு உட்கார்ந்தாள். நாங்கள் எதையும் புதிதாகத் தொடங்கவில்லை. எவ்வளவு குழம்பிய இரவானாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு வாப்பா திரையை விலக்குவார். இரண்டு மூன்று நாளில் மற்றவை எல்லாம் தம் இடத்துக்குத் திரும்பிவிடும்.

என் வீடு இன்னும் லிண்டல் மட்டத்தில்தான் நிற்கிறது. சின்ன அறையில் இன்னும் என் விளக்கு எரிகிறது. நேற்று அதிகாலை படிக்க எழும்பியபோது பெரிய அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ராத்தா வாய் திறந்தபடி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். உம்மாவின் விரல்களுக்கிடையில் தஸ்பீஹ் பாதியில் நின்றிருந்தது. சின்ன மெத்தை வெறுமையாக இருந்தது. முற்றத்தில் வாப்பாவின் குரல் கேட்டது. கோழிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பேத்திக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தார். அந்தக் கோழிகளுக்குப் பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.